வழக்குக்கு வராத மனுதாரர்

சண்டிகரில் 2023 நவம்பர் 17 அன்று வெளிவந்த ஒரு தீர்ப்பை ஓசூரில் இருக்கும் ஒருவன் எதற்கு உட்கார்ந்து படிக்க வேண்டும்? ஹரியானா நமக்குத் தூரம். அந்தச் சட்டம் நம்மைத் தொடவில்லை. வழக்குப் போட்டவர்கள் மானேசர், ஃபரீதாபாத், குருகிராம் பக்கத்துத் தொழில் சங்கங்கள். ஆனாலும் எண்பது பக்கத்துக்கு மேல் நீளும் அந்தத் தீர்ப்பை இரண்டு முறை முழுதாகப் படித்தேன். காரணம், ஜூஜூவாடியைத் தாண்டினால் வரும் அத்திப்பள்ளி.

2024 ஜூலை 15 அன்று கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. கர்நாடகத்தில் உள்ள தொழில் நிறுவனங்களில் நிர்வாக நிலை வேலைகளில் 50 சதவீதமும் மற்ற வேலைகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கே தர வேண்டும் என்றது அது. உள்ளூர்க்காரர் யார் என்பதற்கும் வரையறை இருந்தது. கர்நாடகத்தில் பிறந்திருக்க வேண்டும், அங்கே 15 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும், கன்னடத்தில் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் கன்னடம் படித்த சான்றிதழ் இல்லாதவர்கள் தனியாக ஒரு மொழித் தேர்வு எழுத வேண்டும். நாஸ்காம் உள்ளிட்ட தொழில் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. ஜூலை 17 அன்று மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்த இரண்டு நாளும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். என் பக்கத்து சீட்டில் உட்காரும் அண்ணன் ஒருவர் வீட்டில் பேசுவதே கன்னடம். ஓசூர் வட்டாரத்தில் இது சாதாரணம், தெலுங்கும் கன்னடமும் தாய்மொழியாக உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. அவர் பிறந்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம், படித்தது தமிழ் மீடியம். "நான் யாருன்னு இந்தச் சட்டத்துக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். மசோதாவின்படி பார்த்தால் தெரியும். அவர் வெளியூர்க்காரர்.

அந்த மசோதா என்றைக்காவது சட்டமாகி நீதிமன்றத்துக்குப் போனால் முதலில் எடுத்து வைக்கப்படுவது ஹரியானா தீர்ப்பாகத்தான் இருக்கும். அது எந்தெந்தச் சோதனைகளை வைத்து அந்த முடிவுக்கு வந்தது, எது உறுதி, எது ஆட்டம் காண்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. முடிவு எனக்குப் பிடித்த முடிவுதான். பிடித்த முடிவு எதன் மேல் நிற்கிறது என்று தட்டிப் பார்ப்பது இன்னும் முக்கியம்.

சட்டமும் வழக்கும்

ஹரியானா சட்டமன்றம் 2020 நவம்பரில் நிறைவேற்றிய சட்டம் இது. உள்ளூர் வேட்பாளர்களுக்கான வேலைவாய்ப்புச் சட்டம் என்று சொல்லலாம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனி, டிரஸ்ட், சொசைட்டி, கூட்டு நிறுவனம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மாதச் சம்பளம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும் வேலைகளில் 75 சதவீதம் ஹரியானாவை வசிப்பிடமாகக் கொண்டவர்களுக்கே. அந்த வரம்பு முதலில் ஐம்பதாயிரம் ரூபாய். 2022 ஜனவரி 15இல் அமலுக்கு வந்தபோது முப்பதாயிரமாகக் குறைத்திருந்தார்கள்.

அந்த வரம்புக்குள் வரும் ஊழியர்கள் எல்லோரையும் அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். அதிகாரி கேட்டால் ஆவணங்களைத் தர வேண்டும், ஆய்வுக்கு வந்தால் கதவைத் திறக்க வேண்டும். தேவையான திறமையுள்ள உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்றால் விலக்குக் கேட்கலாம். விலக்குத் தருவதும், மறுப்பதும், "உள்ளூர் ஆளுக்கே பயிற்சி கொடுத்து எடு" என்று சொல்வதும் அதிகாரியின் கையில். மீறினால் அபராதம்.

சட்டத்தின் நோக்கவுரையில் அரசு சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. குறைந்த சம்பள வேலைகளுக்காக வெளி மாநிலத்தவர் பெருமளவில் வருகிறார்கள், அதனால் உள்ளூர்க் கட்டமைப்பும் வீட்டுவசதியும் பாதிக்கப்படுகின்றன, குடிசைப் பகுதிகள் பெருகுகின்றன என்றது. உள்ளூரில் வேலையின்மை என்ற காரணத்தோடு, வருகிறவர்களே பிரச்சினை என்ற காரணமும் எழுத்தில் பதிவானது. இதற்குப் பின்னால் வருவேன்.

2022 பிப்ரவரி 3 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. இரண்டே வாரத்தில், பிப்ரவரி 17 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. சட்டம் சரி என்று அது சொல்லவில்லை. ஒரு சட்டமன்றம் இயற்றியதை நிறுத்தி வைக்கப் போதுமான காரணம் எழுதவில்லை என்றது. நான்கு வாரத்தில் வழக்கை முடிக்கச் சொன்னது, அதுவரை முதலாளிகள் மேல் கட்டாய நடவடிக்கை கூடாது என்றும் சொன்னது. நான்கு வாரம் என்றது ஏறத்தாழ இருபத்தொரு மாதமாகி, 2023 நவம்பரில் நீதிபதிகள் ஜி.எஸ். சந்தாவாலியா, ஹர்பிரீத் கௌர் ஜீவன் அமர்வு தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பகுதியில் உள்ள அடிப்படை உரிமைகளுக்கு விரோதமானது, அமலுக்கு வந்த நாளிலிருந்தே செல்லாது என்று முழுச் சட்டத்தையும் ரத்து செய்தது.

இந்த முடிவை மூன்று கால்கள் தாங்குகின்றன. முதல் கால், இப்படி ஒரு சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி. இரண்டாவது, தொழில் செய்யும் உரிமை மீதான கட்டுப்பாடு நியாயமானதா என்ற கேள்வி. மூன்றாவது, அரசமைப்பு அறநெறி.

முதல் கால்: அதிகாரம்

அரசு வேலையில் வசிப்பிடத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது பிரிவு 16(2). 16(3) அதற்கு ஒரு விதிவிலக்கு. ஒரு மாநிலத்தின் அரசு வேலைக்கு அங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைக்கலாம், ஆனால் வைப்பது நாடாளுமன்றமாக இருக்க வேண்டும். பிரிவு 35 இதை இன்னும் இறுக்குகிறது. அந்த விஷயத்தில் சட்டமியற்றும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு இல்லை.

இது பழைய கதை. ஹைதராபாத் ராஜ்ஜியத்தில் முல்கி விதிகள் என்று இருந்தன. உள்ளூர்க்காரருக்கே அரசு வேலை என்பது அவற்றின் சாரம். பின்னாளில் அதே நோக்கத்தோடு நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தின் ஒரு பகுதியை, தெலங்கானாவைப் பொறுத்தவரை, 1969இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மாநிலம் முழுவதற்கும் வசிப்பிட நிபந்தனை வைக்கலாம், மாநிலத்துக்குள் ஒரு பகுதிக்கு மட்டும் வைக்க முடியாது என்றது. வசிப்பிடம் என்ற சொல்லை இந்தியச் சட்டம் எவ்வளவு எச்சரிக்கையாகக் கையாள்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஹரியானா தீர்ப்பு இந்தப் பாதையில் போகிறது. அரசு தானே செய்யக் கூடாது என்று அரசமைப்பு தடுத்ததை, தனியாரைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைக்க முடியாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரிவுகளின் சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் இடைவெளி தெரியும். 16(2), 16(3) இரண்டுமே அரசு வேலையைப் பற்றியவை. பிரிவு 35 தடுப்பதும் 16(3)இல் வரும் விஷயத்தைத்தான். தனியார் வேலையைப் பற்றி இவை எதுவும் பேசவில்லை. நாளை உச்ச நீதிமன்றத்தில் ஹரியானாவின் வழக்கறிஞர் எழுந்து, "நான் போட்ட சட்டம் தனியார் தொழிற்சாலைக்கு. பிரிவு 35 என்னை எங்கே தடுக்கிறது?" என்று கேட்டால், சொல்லைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. தத்துவத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. குடிமக்கள் எல்லோருக்கும் பொதுவான பிரிவு 15, மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை வைத்து அரசு பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வசிப்பிடம் அந்தப் பட்டியலில் கிடையாது. அது 16இல் மட்டும்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே, வசிப்பிடத்தை வைத்துப் பிரிக்கும் சட்டம் பிறந்த இடத்தை வைத்துப் பிரிக்கும் சட்டத்தைவிடத் தப்பிக்க வாய்ப்பு அதிகம். இந்த அளவுகோலில் ஹரியானா சட்டத்தைவிடக் கர்நாடக மசோதாவே பலவீனமானது. பிறப்பையும் அது நிபந்தனையாக வைத்திருந்தது. என் பஸ் நண்பர் அத்திப்பள்ளிக்கே குடிபோய்ப் பதினைந்து வருஷம் இருந்து, கன்னடத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கினாலும் உள்ளூர்க்காரர் ஆக முடியாது. தேன்கனிக்கோட்டையில் பிறந்ததை எந்தத் தேர்வெழுதி மாற்றுவது?

இரண்டாவது கால்: நியாயமான கட்டுப்பாடு

எந்தத் தொழிலையும் வேலையையும் வணிகத்தையும் செய்யும் உரிமையைத் தருவது பிரிவு 19(1)(ஜி). பொதுமக்கள் நலனுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது 19(6). நியாயமானது என்றால் என்ன? இதற்கு இன்றும் எடுத்தாளப்படும் பதில் நம் ஊரிலிருந்து போன ஒரு வழக்கில் வந்தது. 1952இல் சென்னை மாகாண அரசுக்கும் வி.ஜி. ராவ் என்ற வழக்கறிஞருக்கும் நடந்த வழக்கில் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி சொன்னது. எல்லா வழக்குக்கும் பொதுவான ஒரே அளவு கிடையாது. எந்த உரிமை, என்ன நோக்கம், தீர்க்க நினைக்கும் கேடு எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரம், விதிக்கும் கட்டுப்பாடு அதற்குப் பொருத்தமான அளவுதானா, அன்றைய சூழல் என்ன என்று பார்க்க வேண்டும். பிற்காலத்தில் நீதிமன்றங்கள் இதையே நான்கு படிகளாக அடுக்கின. நோக்கம் முறையானதா, வழி அந்த நோக்கத்துக்கு உதவுமா, இதைவிட மென்மையான வழி இருக்கிறதா, கிடைக்கும் நன்மையைவிட இழப்பு பெரிதா.

ஹரியானா தீர்ப்பு இந்தக் காலில்தான் உறுதியாக நின்றிருக்கலாம். கட்டுப்பாடு மிகையானது, தொழில் செய்யும் உரிமையே முடங்குகிறது, அதிகாரிகளின் ஆய்வு அதிகாரம் பழைய இன்ஸ்பெக்டர் ராஜ்ஜியத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறது என்கிறது. முடிவு சரி. ஆனால் என் வாசிப்பில், அது நான்கு படியாக ஏறிக் காட்டவில்லை, நேராக மாடியில் போய் நிற்கிறது. எங்கள் வேலையில் இப்படி ஒன்று உண்டு. டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருக்கும், ஆனால் எது எதைச் சோதித்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ரிலீஸில் யாராவது ஒரு வரியை மாற்றினால்தான் தெரியும்.

அந்தப் படிகளை நாமே ஏறிப் பார்க்கலாம். முதல் படி, நோக்கம். வேலையில்லாதவர்களுக்கு வேலை என்பது முறையான நோக்கம், யாரும் மறுக்க முடியாது. ஆனால் நோக்கவுரையில் இருந்த இன்னொன்று, வெளியிலிருந்து வருவோரைக் குறைப்பது. நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகவும் எங்கும் குடியிருக்கவும் உள்ள உரிமையைக் குறைப்பதே ஒரு சட்டத்தின் நோக்கம் என்றால், அது முதல் படியிலேயே தடுக்கும்.

இரண்டாம் படி, வழி உதவுமா. வேலையின்மையை வசிப்பிடத்தால் அளக்கிறது சட்டம். ரோத்தக்கில் நிலபுலத்தோடு இருப்பவரின் மகன் உள்ளே வருவான். குருகிராமிலேயே வருஷக் கணக்காகக் கட்டட வேலை செய்தும் வசிப்பிடச் சான்று வாங்கத் தெரியாத பீகார்க் குடும்பத்தின் பையன் வெளியே நிற்பான். கம்பெனிக்கும் கால் உண்டு. யமுனையைத் தாண்டினால் நொய்டா, அது வேறு மாநிலம்.

மூன்றாம் படி, மென்மையான வழி. பயிற்சிக்கு அரசு செலவு செய்யலாம். உள்ளூர் ஆளை எடுக்கும் நிறுவனத்துக்குச் சலுகை தரலாம். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு முன்னுரிமை தரலாம். 2013 நில எடுப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இதற்கு இடமே இருக்கிறது. திட்டத்தால் வேலை உருவானால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஐந்து லட்ச ரூபாய், அல்லது மாதாந்திரத் தொகை. அங்கே கேள்வி எங்கே பிறந்தாய் என்பதல்ல, எதை இழந்தாய் என்பது.

நான்காம் படி, எடை. ஒரு சின்ன பட்டறை பன்னிரண்டு பேரை எடுத்தால் ஒன்பது பேர் உள்ளூராக இருக்க வேண்டும். எல்லாத் தொழிலுக்கும் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே எண். டூல் அண்ட் டை பட்டறைக்கும் அதே 75, துணிக்கடைக்கும் அதே 75. இந்த எண் எந்த ஆய்விலிருந்து வந்தது என்று அரசு காட்ட வேண்டியது இந்தப் படியில்தான்.

நான்கில் ஒன்றில் தோற்றாலே சட்டம் விழும். இது குறைந்தது மூன்றில் தோற்கிறது. அந்தத் தோல்விகளைத் தீர்ப்பு ஒவ்வொன்றாக எழுதியிருந்தால், இதே சட்டத்தை 40 சதவீதமாகவும் ஐந்து வருஷத்துக்கு மட்டுமாகவும் குறைத்து இன்னொரு மாநிலம் கொண்டுவரும்போது, எந்தப் படியில் அது தேறும், எந்தப் படியில் தேறாது என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது கால்: அறநெறி

தீர்ப்பில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் பகுதி இது. ஹரியானாவைச் சேராத குடிமக்களுக்கு இரண்டாந்தர நிலையைக் கொடுப்பது அரசமைப்பு அறநெறியை வெளிப்படையாக மீறுவது என்கிறது நீதிமன்றம். ஒவ்வொரு மாநிலமும் இப்படிச் சட்டம் போட்டால் நாடு முழுக்கச் செயற்கைச் சுவர்கள் எழும், அரசமைப்பை எழுதியவர்கள் அதை நினைக்கவில்லை என்றும் கவலைப்படுகிறது. எல்லையில் குடியிருக்கிற என்னைப் போன்றவனுக்கு அந்தச் சுவர் உவமையல்ல, தினமும் இரண்டு முறை தாண்டும் இடத்தில் எழக்கூடிய ஒன்று.

ஆனாலும் இந்தக் கால் பாரம் தாங்காது என்றே நினைக்கிறேன். அரசமைப்பு அறநெறி என்ற சொல்லை 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அரசமைப்பு அவையில் எடுத்தாண்டது அரசு நடக்கும் முறைக்கு மதிப்புத் தருவதைப் பற்றிப் பேசும்போது. பின்னாளில், குறிப்பாக 2018இல் வந்த தீர்ப்புகளில், அது சட்டங்களை ரத்து செய்யும் கருவியாக வளர்ந்தது. அது எத்தனை படி, எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு விதி இல்லை. ஒரு நீதிபதியின் கையில் சுவரை உடைக்கும் சொல், இன்னொருவர் கையில் சுவரைக் கட்டவும் உதவலாம். முதல் இரண்டு கால்களையும் உறுதியாக ஊன்றியபின் இதைச் சொன்னால் அழகு. அவற்றுக்குப் பதிலாகச் சொன்னால் ஆபத்து.

யாருடைய உரிமை?

எனக்கு உறுத்துவது இந்த மூன்றையும் தாண்டிய ஒன்று. வழக்கில் வேலை தேடுகிறவர் இல்லை. மனுதாரர்கள் தொழில் சங்கங்கள். முப்பதாயிரத்துக்குக் கீழ் சம்பளத்தில் மானேசருக்கு வரும் பீகார்ப் பையனைப் பற்றித் தீர்ப்பு பரிவோடு பேசுகிறது. ஆனால் தராசில் ஏறியது பெரும்பாலும் முதலாளியின் உரிமைதான், திறந்த சந்தையில் யாரை வேண்டுமானாலும் எடுக்கும் உரிமை. தொழிலாளியின் உரிமை அதன் நிழலில் பிழைத்துக்கொண்டது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1950இல் சிந்தாமன் ராவ் வழக்கு. மத்தியப் பிரதேசத்தின் சாகர் மாவட்டத்தில், விவசாய வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக, விவசாயப் பருவத்தில் சில கிராமங்களில் யாரும் பீடி சுற்றக் கூடாது என்று உத்தரவு. உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு மனுக்கள் வந்தன. ஒன்று பீடிக் கம்பெனி முதலாளியுடையது, மற்றது தொழிலாளியுடையது. நீதிமன்றம் கேட்டது எளிய கேள்விதான். வயலுக்குப் போகவே முடியாத முதியவரும் ஊனமுற்றவரும் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுவதை ஏன் தடுக்க வேண்டும்? விவசாயக் கூலிகளுக்கு மட்டும் தடை போட்டிருக்கலாம், வேலை நேரத்தை ஒழுங்குபடுத்தியிருக்கலாம். உத்தரவு விழுந்தது. தொழிலாளி எதிரில் நின்றதால் கேள்வி மனித உருவம் எடுத்தது.

2014இல் சாரு குரானா வழக்கு அதற்கும் நெருக்கமானது. அவர் சினிமா ஒப்பனைக் கலைஞர். மும்பையில் உள்ள தொழிற்சங்கம் அவருக்கு ஒப்பனைக் கலைஞர் என்ற உறுப்பினர் அட்டை தர மறுத்தது. ஒரு காரணம் அவர் பெண். இன்னொன்று, மகாராஷ்டிரத்தில் ஐந்து வருஷம் வசித்திருக்க வேண்டும் என்ற விதி. உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. ஹரியானா தீர்ப்பு இந்த வழக்கை எடுத்துக்கொள்கிறது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, சாரு குரானா தன் வேலைக்காகத் தானே வந்து நின்றார் என்பது.

முதலாளியின் உரிமை மூலம் தொழிலாளியைக் காப்பாற்றினால் என்ன குறை? ஓசூரில் கொஞ்ச நாள் இருந்து பார்த்தால் புரியும். சிப்காட்டைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, "நெலம் குடுத்தது நாங்க. வேலை மட்டும் வடக்க இருந்து வர்றவங்களுக்கா?" ஐ.டி.ஐ. முடித்த மகனை வைத்துக்கொண்டு சுற்றும் அப்பாவின் குரல் அது, அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்னொன்று, ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் பக்கம் மெதுவாகச் சொல்லப்படுவது. "உள்ளூர்ப் பசங்கன்னா சங்கம் வைப்பாங்க. திருவிழான்னா லீவு கேப்பாங்க. வெளியூர்ப் பையன்னா ஹாஸ்டல்ல இருப்பான், டபுள் ஷிப்ட் பாப்பான்."

இந்த இரண்டாவது குரலை ஹரியானா தீர்ப்பு தொடவே இல்லை. தொடவும் முடியாது. திறந்த சந்தையில் விரும்பியவரை எடுக்கும் உரிமைதான் காப்பாற்றப்பட்டது, அதற்குள் உள்ளூர்ப் பையனை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அடங்கியிருக்கிறது. அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கு எதிரானவை. தனியார் முதலாளி ஊரைக் கேட்டு நிராகரித்தால் 14ஐயும் 16ஐயும் காட்டி அவரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. அதுவும் அந்த நிராகரிப்பு எழுத்தில் வராது. "கூப்பிடுறோம்" என்பார்கள், கூப்பிட மாட்டார்கள். தொழிலாளி வழக்குக்கு வராததற்கு முதல் காரணம் இதுதான். எதனால் வேலை போனது என்பதற்கு அவர் கையில் ஒரு தாள்கூட இருக்காது.

நம் பக்கம்

கர்நாடகத்தைச் சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. தமிழ்நாட்டில் தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் தமிழர்களுக்கே என்று சட்டம் கொண்டுவருவோம் என்பது 2021 தேர்தலில் திமுக தந்த வாக்குறுதிகளில் ஒன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இன்னொரு எல்லையில் இருக்கும் ஆந்திரம் 2019இலேயே அப்படியொரு சட்டத்தை இயற்றிவிட்டது. மூன்று மாநிலங்களும் தத்தம் சட்டத்தை வைத்துக்கொண்டால் அதிகம் நசுங்குவது மூன்றும் சந்திக்கும் இந்த மாவட்டம்தான். இங்கேயிருந்து காலையில் பெங்களூருக்குப் போகும் பஸ்ஸும், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகளின் ரயிலும் ஒரே கொள்கையால் ஓடுகின்றன. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை ஓட்ட முடியாது.

அப்படியானால் டீக்கடை அப்பாவுக்கு என்ன பதில்? என் பதில், 75ஐக் கேட்காதீர்கள், நிராகரிப்பைக் கேள்வி கேட்கும் சட்டத்தைக் கேளுங்கள். ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976இலேயே சம ஊதியச் சட்டம் தனியாரையும் சேர்த்துச் சொன்னது. மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநர்களுக்கும் அப்படிப்பட்ட பாதுகாப்பு தனிச் சட்டங்களில் இருக்கிறது. ஊரைக் காரணம் காட்டி நிராகரிப்பதையும் அதில் சேர்த்தால், அந்தச் சட்டம் ஓசூர்ப் பையனையும் காக்கும், ராஞ்சிப் பெண்ணையும் காக்கும். ஒப்பந்தக்காரர் ஆள் எடுத்த பட்டியலை வைத்திருக்க வேண்டும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதலாம். நிலம் இழந்தவருக்கு நிலம் இழந்ததற்காக வேலை தரலாம். மேலே சொன்ன நான்கு படிகளிலும் இது ஏறும் என்று நம்புகிறேன்.

ஹரியானா அரசு மேல்முறையீடு செய்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பியது. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு கர்நாடகத்தையோ தமிழ்நாட்டையோ கட்டுப்படுத்தாது, பெங்களூரிலும் சென்னையிலும் அதை முன்னுதாரணமாக எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் சொல்வது எல்லோரையும் கட்டும். அந்தத் தீர்ப்பு வரும்போது செய்தித்தாள்கள் செல்லும், செல்லாது என்று ஒரு வரி போடும். அதற்கு அடுத்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும். பிரிவு 35ஐ வைத்து மட்டும் சட்டம் விழுந்தால், நாடாளுமன்றம் நினைத்தால் இதே சுவரைக் கட்ட ஒரு வழி திறந்திருக்கும். முதலாளியின் உரிமையை வைத்து மட்டும் விழுந்தால், முதலாளிகள் ஒத்துக்கொண்ட அடுத்த சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட யாரும் வர மாட்டார்கள். வேலை தேடிப் போகிறவரின் உரிமையை எடை போட்டு அதனால் விழுந்தது என்றால்தான், தேன்கனிக்கோட்டையில் பிறந்த கன்னடக்காரருக்கு அவர் கேட்ட கேள்விக்குச் சட்டத்திடமிருந்து ஒரு பதில் கிடைத்ததாக அர்த்தம்.